96 லட்சம் ரூபாயைக் கனடாவுக்குக் கொண்டு போன கதை

கனடா போகிறோம் என்று சொன்னால் ஜாக்கெட் எங்கே வாங்குவது, எந்த ஊரில் வாடகை குறைவு, பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று சொல்ல ஆயிரம் பேர் வருகிறார்கள். சேர்த்து வைத்த பணத்தை எப்போது, எந்த வழியில் டாலராக மாற்றுவது என்று கேட்டால் மட்டும் "அது பேங்க்ல கேட்டுக்குங்க" என்று எல்லோரும் ஒரே பதிலில் முடித்துவிடுகிறார்கள். பேங்க்கிலோ, உங்களுக்கு எது லாபம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அவர்கள் வேலை அதுவல்ல. 2025 முழுக்க இந்த ஒரு விஷயத்தைத் தலையில் சுமந்துகொண்டு அலைந்தவன் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட், இரண்டு பேர் பெயரிலும் கொஞ்சம் ஃபிக்ஸட் டெபாசிட், என் பி.எஃப். பணம். கடன் எல்லாம் கழித்து, ஃபிளாட் விற்றதற்கான வரியையும் ஒதுக்கிய பிறகு கையில் நின்றது 96 லட்சம். இதில் 34 லட்சம் மார்ச் மாதத்திலேயே கணக்கில் இருந்தது. மீதி 62 லட்சம் ஃபிளாட் பத்திரப்பதிவு முடிந்து மே மாதம்தான் வந்தது. ஜூனில் விமானம். பதினேழு வருட உழைப்பு மொத்தமும் இதுதான். ஊருக்குத் திரும்பி வந்தால் இருக்க வீடு கிடையாது. இதைச் சொல்வது எதற்கென்றால், இந்த அளவு பணத்தில் ஒரு சதவீதம் என்பது கிட்டத்தட்ட ஒரு லட்சம். பத்து பைசா, இருபது பைசா என்று பேசும்போது அது சின்ன விஷயமாகத் தோன்றும். அங்கேதான் பணம் கரையும்.

மார்ச் கடைசி வாரத்தில் முதல் தொகையை அனுப்பினோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தியாவில் குடியிருக்கும் எவரும் எல்.ஆர்.எஸ். என்ற திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு வரம்புக்கு மேல் போனால் வங்கி டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரியைப் பிடிக்கும். படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்குக் குறைவு. எங்களைப் போலக் குடிபெயர்பவர்களுக்கு 20 சதவீதம். அந்த வரம்பு 2025 மார்ச் 31 வரை ஆளுக்கு 7 லட்சம், ஏப்ரல் 1 முதல் 10 லட்சம். கணக்கு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனி. ஆகவே மார்ச்சில் நானும் மனைவியும் ஆளுக்கு 7 லட்சம், ஏப்ரலில் ஆளுக்கு 10 லட்சம் என்று பிரித்தால் 34 லட்சமும் ஒரு பைசா டிசிஎஸ் இல்லாமல் போய்விடும். கிளம்பும் தேதி நிதியாண்டு முடிவை ஒட்டி இருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பெயரிலும் பான் எடுத்து, பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப விதியில் இடமுண்டு. எங்கள் கிளையில் அதைச் செய்து பழக்கமில்லை, நானும் விட்டுவிட்டேன்.

பணம் போய்ச் சேர அங்கே ஒரு கணக்கு வேண்டுமே? சில கனடா வங்கிகள், நாம் வருவதற்கு முன்பே இந்தியாவில் இருந்தபடி கணக்குத் திறக்க விடுகின்றன. பணத்தை உள்ளே அனுப்பலாம், ஆனால் நேரில் போய்ப் பாஸ்போர்ட்டும் குடியேற்றக் காகிதமும் காட்டும் வரை வெளியே எடுக்க முடியாது. ஆளுக்கொரு கணக்கு அப்படித் திறந்துகொண்டோம்.

கிளையில் ஏ2 படிவம் கொடுத்தார்கள், பூர்த்தி செய்தோம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "ஆயிரத்துச் சொச்சம்தான் சார், அப்புறம் ஜிஎஸ்டி" என்றார்கள். ஜிஎஸ்டியும் பெரிதாக இல்லை. 7 லட்சத்துக்கு 720 ரூபாய். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். இரண்டு நாள் கழித்து ரசீதைப் பார்த்தபோதுதான் டாலருக்கு 62 ரூபாய் 10 காசு போட்டிருந்தது கண்ணில் பட்டது. அன்று கூகுளில் கனடா டாலர் 60 ரூபாய். நான் கூகுள் ரேட் தோராயமானது என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பேன். மனைவிதான் கால்குலேட்டரை எடுத்தாள். 14 லட்சத்தை 60ஆல் வகுத்தால் 23,333 டாலர். 62.10ஆல் வகுத்தால் 22,544. ஏறக்குறைய 789 டாலர், அதாவது 47,000 ரூபாய், கட்டணம் என்ற பெயரே இல்லாமல் போயிருந்தது. "ஏனுங்க, ஆயிரம் ரூபாய் சார்ஜுன்னு தானே சொன்னாங்க?" என்றாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கோபத்தை யாரிடம் காட்டுவது? படிவத்தில் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான், ரேட் எழுதும் இடம் அப்போது காலியாக இருந்தது.

இதன் கதை என்னவென்றால், வங்கிகளுக்குள் பணம் கைமாறும் விலை ஒன்று இருக்கிறது. கூகுளிலோ வேறு செயலியிலோ நாம் பார்ப்பது ஏறக்குறைய அதன் நடுப்புள்ளி. வங்கி அதன்மேல் தன் லாபத்தை ஏற்றி, தினமும் காலையில் ஒரு பட்டியல் போடுகிறது. அதைக் கார்டு ரேட் என்கிறார்கள். கேட்காமல் போகிறவருக்குக் கார்டு ரேட். கொஞ்சம் பெரிய தொகை என்றால் கிளையிலிருந்து தலைமை அலுவலக ட்ரெஷரிக்கு ஃபோன் போட்டு அந்த நிமிடத்து விலையை வாங்கித் தர முடியும். அது டீல் ரேட். கிளையில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். "டீல் ரேட் வாங்கிக் கொடுங்க" என்று அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் முகம் மாறும், ஆனால் ஃபோனை எடுப்பார்கள்.

ஏப்ரலில் அப்படித்தான் செய்தேன். காலை பத்தரை மணிக்கு மேல், சந்தை நன்றாக ஓடும் நேரத்தில், மூன்று இடங்களில் கேட்டேன்: எங்கள் வங்கி, இன்னொரு தனியார் வங்கி, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற ஒரு பணமாற்று நிறுவனம். கட்டணம் எவ்வளவு, ரேட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒரே கேள்விதான்: "என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகும், அங்கே எத்தனை டாலர் விழும்?" முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உண்மையான விலை தெரிந்துவிடும். கட்டணம் இல்லை என்று சொன்ன இடத்தில்தான் ரேட் மோசமாக இருந்தது. கடைசியில் எங்கள் வங்கியே மற்ற இரண்டு விலைகளையும் கேட்டுவிட்டு இறங்கி வந்தது. அன்று சந்தை விலை 61 ரூபாய் 50 காசு, எங்களுக்குக் கிடைத்தது 62. அதாவது முதல் தடவை மூன்றரை சதவீதம் போன இடத்தில் இப்போது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 20 லட்சத்துக்கு 32,258 டாலர் விழுந்தது. மார்ச்சில் கொடுத்த அதே வித்தியாசத்தைக் கொடுத்திருந்தால் இன்னும் 800 டாலருக்கு மேல் குறைந்திருக்கும்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. இன்னொரு கிளையில், "கனடா டாலர்ல எங்களுக்கு வசதி இல்லைங்க, அமெரிக்க டாலர்லயே அனுப்பிடலாம், அங்க போய் தானா மாறிடும்" என்றார்கள். மாறும், உண்மைதான். ஆனால் கனடா வங்கி தன் பங்குக்கு ஒரு லாபத்தை எடுத்துக்கொண்டுதான் மாற்றும். ரூபாயிலிருந்து அமெரிக்க டாலர், அதிலிருந்து கனடா டாலர் என்று இரண்டு இடத்தில் வெட்டு. நேராகக் கனடா டாலரில் அனுப்பும் வங்கியைத் தேடிப் பிடிப்பது நல்லது. படிவத்தில் OUR என்று குறித்தால் இடையிலுள்ள வங்கிகளின் கட்டணத்தையும் நாமே இங்கே கட்டிவிடுவோம், வழியில் பத்து இருபது டாலர் காணாமல் போகாது.

இரண்டாவது, பெயர். நம் ஊர் இனிஷியல் பிரச்சினை. என் பான் அட்டையில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கிறது. கனடா வங்கி பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கணக்குத் திறந்தது. இங்கிருந்து பணம் பான் அட்டைப் பெயரில் போனது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு அந்தப் பக்கம் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விளக்கக் கடிதம், பாஸ்போர்ட் நகல், பான் நகல் எல்லாம் அனுப்பிய பிறகு விட்டார்கள். திருப்பி அனுப்பாமல் விட்டதே பெரிய விஷயம். திரும்பி வந்தால் வங்கி அதை வாங்கும் விலையில் ரூபாயாக்கும். விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவே இரண்டு மூன்று ரூபாய் போய்விடும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே பான், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரை ஒன்றாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விலை ஏற்ற இறக்கத்துக்கு வருகிறேன். என் மனநிம்மதியைக் கெடுத்தது இதுதான். பிப்ரவரியில் அமெரிக்க டாலர் 88 ரூபாயை நெருங்கியது. மே தொடக்கத்தில் 84க்கு இறங்கியது. தொலைக்காட்சியில் ரூபாய் வலுவடைந்தது என்று செய்தி. மாமனார் ஃபோன் செய்து, "மாப்பிள்ளை, இப்ப மாத்திருங்க, நல்ல நேரம்" என்றார். எடுத்துப் பார்த்தால் கனடா டாலர் பிப்ரவரியிலும் 61 ரூபாயை ஒட்டி, மே தொடக்கத்திலும் 61ஐ ஒட்டி. எங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் அமெரிக்க டாலருக்கு எதிராகக் கனடா டாலரும் ஏறியிருந்தது. ரூபாய்க்கும் கனடா டாலருக்கும் நேரடியான பெரிய சந்தை கிடையாது. இரண்டையும் அமெரிக்க டாலரை நடுவில் வைத்துத்தான் விலை போடுகிறார்கள். செய்தியில் வரும் டாலர் நீங்கள் வாங்கப் போகும் டாலர் அல்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்கும் இதே கதைதான். ரூபாய்க்கும் உங்கள் ஊர் டாலருக்கும் நடுவிலுள்ள விலையை மட்டும் பாருங்கள், வாரத்துக்கு ஒருமுறை போதும். நான் தினமும் பத்து தடவை பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

மே மாதம் ஃபிளாட் பணம் 62 லட்சம் வந்தது. கிளம்புவதற்கு முன் விற்றது நல்லதாகப் போயிற்று. வெளிநாடு போய் என்ஆர்ஐ ஆனபின் விற்றால் வாங்குகிறவர் பிடிக்க வேண்டிய டிடிஎஸ் விதியே வேறு, தொகையும் பல மடங்கு. அந்தத் தலைவலிக்குப் பயந்தே பலர் விலகிவிடுவார்கள்.

இந்த 62 லட்சத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கிளம்புவதற்கு முன்பே மொத்தத்தையும் அனுப்புவது. வரம்பு 10 லட்சத்தையும் இருவரும் ஏப்ரலிலேயே தீர்த்துவிட்டதால் முதல் ரூபாயிலிருந்தே 20 சதவீதம். அதாவது 51 லட்சத்து 67 ஆயிரம் அங்கே போகும், 10 லட்சத்து 33 ஆயிரம் டிசிஎஸ் ஆக அரசிடம் நிற்கும். இது தனி வரி அல்ல; நம் பான் கணக்கில் முன்பணமாக ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு பிடித்த பணத்துக்கான கணக்கை அடுத்த வருடம்தான் தாக்கல் செய்ய முடியும். மார்ச்சில் பிடித்திருந்தால் சில மாதங்களில் கேட்கலாம். மே மாதம் பிடித்தால் ஒரு வருடத்துக்கு மேல் வட்டியில்லாமல் கிடக்கும்.

இன்னொரு வழி, பணத்தை இங்கேயே விட்டுவிட்டு, போன பிறகு கணக்கை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி அங்கிருந்து அனுப்புவது. என்ஆர்ஓ கணக்கிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். எல்.ஆர்.எஸ். என்பது இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கான திட்டம் என்பதால் இந்த வழியில் டிசிஎஸ் கிடையாது. அதற்குப் பதிலாக 15சிஏ, 15சிபி என்ற படிவங்கள், ஆடிட்டர் சான்று, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விற்பனைப் பத்திரம், வரி கட்டிய விவரம் எல்லாம் வேண்டியிருந்தது.

அம்மா ஊரில் இருக்கிறார். அவருக்கென்று ரூபாயில் ஒரு தொகை எப்படியும் வைத்திருக்க வேண்டும். முதல் வருடச் செலவுக்கு ஏற்கெனவே 54,000 டாலருக்கு மேல் அங்கே இருந்தது. ஆகவே இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். 62 லட்சத்தையும் குறுகிய கால டெபாசிட்டுகளாகப் பிரித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நடுவில் ஒன்று கேட்டேன்: இன்றைய விலையைப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாதா? ஃபார்வர்ட் கான்ட்ராக்ட் என்று ஏற்றுமதியாளர்கள் செய்வது. தனிநபருக்கும் விதியில் இடமுண்டு. ஆனால் எங்கள் தொகைக்கு அதைச் செய்து தர எந்தக் கிளையும் ஆர்வம் காட்டவில்லை. செய்திருந்தாலும் இன்றைய விலையே அப்படியே கிடைக்காது. இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை விலையில் ஏற்றித்தான் தருவார்கள். அப்போது ரிசர்வ் வங்கியின் ரெப்போ 6 சதவீதம், கனடா மத்திய வங்கியின் வட்டி 2.75. ரூபாய் டெபாசிட்டில் கூடுதலாகக் கிடைக்கும் வட்டியை ஃபார்வர்ட் விலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிந்தது: டெபாசிட் வட்டி அதிகம் என்று ரூபாயில் வைத்திருப்பது லாபம் அல்ல, அது ரூபாய் விழுவதற்கான ஈட்டுத்தொகை. சில வருடம் ஈடு போதும், சில வருடம் போதாது.

கால்கரியில் இறங்கி ஒரு மாதத்தில் என்ஆர்ஓ மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். இதை இங்கிருந்து செய்வது பெரும்பாடு. வெளிநாட்டு முகவரிச் சான்று கேட்டார்கள். வந்து சேர்ந்தவனிடம் ஏது? வாடகை ஒப்பந்தம் அனுப்பினால் வங்கி ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றார்கள். ஸ்டேட்மென்ட் அனுப்பினால் சான்றளித்த நகல் வேண்டும் என்றார்கள். அது முடிந்து கூரியரில் போனால் மீண்டும் அந்த இனிஷியல். ஒவ்வொரு சுற்றும் வாரக்கணக்கில் ஓடியது. அக்டோபரில்தான் கணக்கு மாறியது. கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பப் படிவங்களைக் கிளையில் வாங்கி, மேலாளர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, எந்தெந்த முகவரிச் சான்றை ஏற்றுக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். இந்திய மொபைல் எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி வராவிட்டால் உங்கள் பணத்தை நீங்களே தொட முடியாது.

மாற்றாமலே விட்டுவிட்டு, பழைய கணக்கிலிருந்து நெட் பேங்கிங்கில் அனுப்பிக்கொள்ளலாமே என்று இங்கே சிலர் சொன்னார்கள். அது விதிமீறல். வெளிநாட்டில் குடியேறியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அந்த வழியில் அனுப்பினால் எல்.ஆர்.எஸ். என்று எடுத்துக்கொண்டு டிசிஎஸ்ஸும் பிடிப்பார்கள். என்ஆர்ஓ ஆனதும் டெபாசிட் வட்டிக்கு 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியா கனடா வரி ஒப்பந்தப்படி அதை 15 ஆகக் குறைக்கலாம். கனடா வரித்துறையிடம் குடியிருப்புச் சான்று வாங்கி, 10எஃப் படிவத்தோடு வங்கிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

விலைக்கு வருவோம். ஜூலையில் 63 ரூபாயை ஒட்டி இருந்த கனடா டாலர் அக்டோபரிலும் அதே இடத்தில் நின்றது. காகிதத்துக்காகக் காத்திருந்த மாதங்களில் நான் பயந்த அளவு ஒன்றும் ஆகவில்லை. 45 லட்சத்தை வீடு வாங்க முன்பணமாக அனுப்புவது, மீதி 17 லட்சத்தை அம்மாவுக்காக ஊரில் விடுவது என்று திட்டம். 45ஐ இரண்டாகப் பிரித்தோம். அக்டோபரில் 25 லட்சம், 63.50க்கு, 39,370 டாலர். மிச்சம் 20 லட்சத்தின் டெபாசிட் டிசம்பரில் முதிர்ந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் அமெரிக்க டாலர் முதல்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. இந்தத் தடவை கனடா டாலரும் சேர்ந்து ஏறியது. "பொறு மச்சான், திரும்பி 63க்கு வரும்" என்றான் மைத்துனன். வரலாம், வராமலும் போகலாம். வசந்த காலத்தில் வீடு பார்க்கப் போகிறோம், தேதி இருக்கிற பணம் அது. 66.20க்கு அனுப்பிவிட்டேன், 30,211 டாலர். அக்டோபர் விலைக்கே அனுப்பியிருந்தால் 1,285 டாலர் கூட வந்திருக்கும். அன்று கையெழுத்துப் போடும்போது வயிற்றெரிச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து, மே மாதமே டிசிஎஸ் கட்டி இந்த 45 லட்சத்தை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அப்போது 62க்குக் கிடைத்திருக்கும், 72,580 டாலர். எங்களுக்கு வந்தது 69,581. சுமார் 3,000 டாலர் குறைவு, ரூபாயில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் டெபாசிட் வட்டி வரி போக ஒரு லட்சம் வந்தது. அந்த வழியில் போயிருந்தால் 9 லட்சம் டிசிஎஸ் ஒரு வருடத்துக்கு மேல் முடங்கியிருக்கும். அதன் வட்டி ஐம்பது அறுபதாயிரம். எல்லாம் கழித்தால் நிகர வித்தியாசம் நாற்பது ஐம்பதாயிரம் ரூபாய்தான். ஆக, டிசிஎஸ் என்ற பெயரைக் கேட்டே ஓட வேண்டியதில்லை. அதன் உண்மையான செலவு 20 சதவீதம் அல்ல, அந்த 20 சதவீதத்துக்கான ஒரு வருட வட்டி. போய்ச் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் செலவாகப் போகிற பணம் என்றால் கட்டிவிட்டு அனுப்புவதே மேல். எப்போது தேவைப்படும் என்று தெரியாத பணத்துக்கு என்ஆர்ஓ வழி.

இன்னொரு ஆசை காட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். "உங்க ரூபாயை ஊர்ல எங்க அம்மா கணக்குல போட்டுடுங்க, நான் இங்க டாலரா தர்றேன், கூகுள் ரேட்டுக்கே" என்று நம்மவர்களே கேட்பார்கள். பழகிய முகமாக இருக்கும், கோயிலில் பார்த்த ஆளாக இருக்கும். அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டத்தை மீறும் செயல் இது. அதை விடுங்கள், நடைமுறையிலேயே உதவாது. வீட்டுக் கடன் கொடுப்பவர் முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கடைசி 90 நாள் வங்கி ஸ்டேட்மென்டைப் பார்ப்பார். யாரோ ஒருவர் கணக்கிலிருந்து வந்த 30,000 டாலருக்கு என்ன பதில் சொல்வது? எங்களிடம் விற்பனைப் பத்திரம், என்ஆர்ஓ ஸ்டேட்மென்ட், வங்கி கொடுத்த ஸ்விஃப்ட் நகல் மூன்றும் இருந்தன. ஒரு கேள்வியில் முடிந்தது. மாற்றும் தேதியை முடிவு செய்யும்போது இந்த 90 நாளையும் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். நான் டிசம்பரில் பொறுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

17 லட்சம் இப்போதும் ஊரில் இருக்கிறது. கனடாவுக்கு வெளியே ஒரு லட்சம் கனடா டாலருக்கு மேல் வைத்திருந்தால் டி1135 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வந்த முதல் வருடத்துக்கு அது தேவையில்லை, எங்கள் தொகை அந்த அளவைத் தொடவும் இல்லை. ஆனால் அதிலிருந்து வரும் வட்டியை முதல் வருடத்திலிருந்தே கனடா வரிக் கணக்கில் காட்ட வேண்டும், இந்தியாவில் பிடித்த டிடிஎஸ்ஸை வரி ஒப்பந்த அளவு வரை கழித்துக்கொள்ளலாம். அதற்காக வங்கியின் வட்டிச் சான்றிதழையும் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் ஒவ்வொரு மார்ச்சிலும் இறக்கி வைத்துக்கொள்கிறேன். கனடாவில் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால் வட்டியை மாதவாரியாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. மனைவி அதற்கென்று ஒரு எக்செல் தாள் போட்டு வைத்திருக்கிறாள்.